யார் கொண்டுவந்து போட்டது?

எதிர் வீட்டுத் தம்பி மினி லாரி ஓட்டுகிறார். அவருடைய மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் சாயங்காலம் டீ குடிக்க வந்தவர், சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். களப்பயணத்துக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவம்.

"திருவக்கரைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம் சார். கல்மரம் பாக்கவாம். ஒரு நாள் போயிட்டு வந்தா புள்ளைக்கு அறிவியல்ல நாட்டம் வந்துடுமா? இல்ல, வெறும் ஊர் சுத்தலா?"

ஆறு முதல் எட்டு வரை அறிவியல் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்விக்கு 'வரும்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு டீ போடச் சொல்லிவிட்டு அவரிடம் சொன்னதைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. திருவக்கரை விழுப்புரம் மாவட்டத்தில் வானூர் பக்கம் இருக்கிறது. நம் ஊரான கள்ளக்குறிச்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். கோயிலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே தேசிய கல்மரப் பூங்கா. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இலேயே சொன்னெரா என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் அவற்றைப் பற்றி எழுதிவிட்டார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைப் பூங்காவாக்கியது. அடிமரங்கள் சில 3 மீட்டர் நீளம், சில 15 மீட்டர் வரை. குனிந்து பார்த்தால் மர வளையம் தெரியும், கணு தெரியும். தட்டினால் மட்டும் கல் சத்தம்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலிருந்து இதே இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி முதலில் செஞ்சிக் கோட்டை, பிறகு திருவக்கரை, சாயங்காலம் புதுச்சேரி கடற்கரை. ஒரே நாளில் மூன்று இடம் காட்டினால்தான் பெற்றோர் கொடுத்த காசுக்கு நியாயம் என்று நினைத்தோம். கல்மரப் பூங்காவில் இருந்தது நாற்பது நிமிடம். அதில் பாதி நேரம் கழிப்பறை தேடுவதிலும் தலை எண்ணுவதிலும் போனது. மீதி நேரத்தில் பிள்ளைகள் அறிவிப்புப் பலகையில் இருந்ததை வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான்தான் எழுதச் சொன்னேன். மறுநாள் வகுப்பில் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டபோது ஒருவர் பாக்கியில்லாமல் கடல் அலையைப் பற்றிச் சொன்னார்கள். கல்மரத்தைப் பற்றிச் சொல்ல ஒரு பிள்ளைக்கும் எதுவும் இருக்கவில்லை. பிழை பிள்ளைகளுடையது அல்ல என்று அன்றைக்கே தெரிந்தது. எங்கே பிழை என்பது தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அதைத் தெளிய வைத்தவை, அமெரிக்காவில் ஜான் ஃபால்க் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வுகள். 1978-இல் வெளியான ஒன்றில், காட்டை அதிகம் பார்த்திராத பிள்ளைகளையும் காடு பழகிய பிள்ளைகளையும் காட்டுக்குள் அழைத்துப்போய் ஒரே பாடத்தைச் செய்ய வைத்தார்கள். காடு புதிதான பிள்ளைகள் பாடத்தில் பின்தங்கினார்கள். அவர்கள் மனமும் கண்ணும் அந்த இடத்தைப் பழகிக்கொள்வதிலேயே செலவாகிவிட்டன. புது வீட்டில் முதல் ராத்திரி நமக்குத் தூக்கம் வராததைப் போன்றதுதான் இது. எங்கே கதவு, எங்கே விளக்கு சுவிட்ச் என்று உடம்பு அறிந்துகொள்ளும்வரை வேறெதுவும் உள்ளே போகாது.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஆய்வு. வாஷிங்டன் நகரின் தேசிய உயிரியல் பூங்காவுக்குப் போகவிருந்த பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு விலங்குகளைப் பற்றிய பாடத்தை முன்கூட்டியே நடத்தினார்கள். இன்னொரு பிரிவுக்கு எப்படி உற்றுக் கவனிப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்குப் பாடமே நடத்தவில்லை. பஸ் எந்த வழியாகப் போகும், எங்கே சாப்பாடு, எங்கே கழிப்பறை, எந்த விலங்கு எந்தப் பக்கம் இருக்கும், கடையில் என்ன வாங்கலாம் என்று பிள்ளைகளின் மனதில் ஓடுகிற விஷயங்களை மட்டும் சொன்னார்கள். திரும்பி வந்து சோதித்தபோது விலங்குகளைப் பற்றி அதிகம் கற்றிருந்தது இந்த மூன்றாவது பிரிவு. பாடம் கேட்டுவிட்டுப் போனவர்களையே அவர்கள் முந்தியிருந்தார்கள்.

தம்பிக்கு இதை நம்பச் சிரமமாக இருந்தது. "அது எப்படி சார், சோத்தப் பத்திச் சொன்னா பாடம் ஏறுமா?" என்றார். ஏறும். "ஒண்ணுக்கு வந்தா எங்கே போறது?" என்ற கவலையோடு நிற்கிற பிள்ளையின் காதில், 2 கோடி ஆண்டு என்று சொன்னால் அது விழாது. கவலையை முதல் நாளே தீர்த்துவிட்டால் அங்கே போனதும் கண் கல்லின் மேல் நிற்கும்.

பிறகு 1994-இல் இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த ஓரியனும் ஹாஃப்ஸ்டைனும் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். அவர்கள் மாணவர்களைப் பாறை பார்க்கக் கூட்டிப்போனவர்கள். புதுமை மூன்று வகை என்றார்கள். இடம் புதிது, பாடம் புதிது, இப்படி வெளியே போய்ப் படிப்பதே புதிது. மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே குறைக்கக் குறைக்க, போன இடத்தில் படிப்பு கூடுகிறது. முழுக்கப் போக்கிவிடத் தேவையில்லை. கொஞ்சம் புதுமை இருந்தால்தான் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். மூன்றும் ஒரே நேரத்தில் தலையில் விழக் கூடாது என்பதுதான் விஷயம். நாங்கள் அன்றைக்கு மூன்றையும் ஒரே நாளில், அதுவும் மூன்று ஊரில் கொட்டியிருந்தோம்.

இதே திருவக்கரைப் பயணம் கல்வராயன் மலை மேலிருந்து கிளம்பினால் வேறு மாதிரி இருக்கும். அங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு மரமும் பாறையும் ஓடையும் பழகிய வீடு. நெடுஞ்சாலையும் நெரிசலும்தான் புதிது. மலைப்பாதை வளைவுகளில் இறங்கும்போதே பாதிப் பிள்ளைகளுக்குக் குமட்டும். அவர்களுக்கு முதல் ஏற்பாடு எலுமிச்சம்பழமும், வழியில் நிறுத்தி இளைப்பாறவைப்பதும். நம் ஊரில் கருணாபுரத்துப் பிள்ளைக்குத் தெருவும் பஸ்ஸும் பழக்கம், பாறையைக் கூர்ந்து பார்ப்பதுதான் புதிது. ஆகவே இங்கே தயாரிப்பு பாறையிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தத் தயாரிப்புக்குப் பஸ் வேண்டாம். கோமுகி ஆறு போதும்.

கோமுகி, கல்வராயன் மலையில் பிறந்து கச்சிராயப்பாளையம் பக்கத்து அணையைத் தாண்டி நம் ஊர் வழியாகப் போகிறது. மலையடிவாரத்தில், அணைக்கு மேலே இருக்கும் ஓடையில் ஒரு இடம், ஊர்ப் பக்கம் ஆற்றுப்படுகையில் ஒரு இடம் என்று இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரிக்க வேண்டும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓரடி வைத்து, கால் பெருவிரல் முன்னால் தட்டுப்படுகிற கல்லை எடுக்க வேண்டும். மற்றவர் அதன் நீளமான பக்கத்தை ஸ்கேலால் அளந்து எழுத வேண்டும். பிடித்த கல்லைப் பொறுக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கண்ணை மூடுவது. பிள்ளைகள் கை எப்போதும் அழகான கல்லுக்கே போகும். ஜோடிக்குப் பத்துக் கல் என்றால், நாற்பது பேர் வகுப்பில் ஓர் இடத்துக்கு 200 கல் அளந்துவிடலாம். கூடவே ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் விரலால் தடவி, கூரா மழுங்கலா என்று ஒரு குறி போட வேண்டும்.

மேலே பெரிய, கூரான கற்கள். கீழே வரவரச் சிறியவை, உருண்டவை, பிறகு மணல். அளந்த கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் வித்தியாசம் பிள்ளைகளுக்கே தெரியும். அப்போதுதான் ஆசிரியர் கேட்க வேண்டும்: "இந்தக் கல்லை இங்கே யார் கொண்டுவந்து போட்டது?" ஊர்ப் பக்கத்துப் படுகையில் எப்படியும் செங்கல் துண்டு ஒன்று அகப்படும். அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். செங்கல்லைக் கொண்டுவந்தது மனிதன். ஆனால் அதன் முனை மழுங்கியிருந்தால் மழுக்கியது யார்? ஒரு துண்டில் இரண்டு கதை இருக்கிறது. ஆறு தூக்கும், உருட்டும், தேய்க்கும், வேகம் குறைந்த இடத்தில் போடும் என்ற பாடம் இவ்வளவுதான். அணை கட்டிய பிறகு மேலேயிருந்து வருகிற கற்கள் அணைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன என்பதையும் பெரிய பிள்ளைகளிடம் சொல்லலாம். மழைக்காலத்திலும் அணை திறந்திருக்கும்போதும் போகக் கூடாது. பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு கவனம் தேவை. 2024 ஜூன் மாதம் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கருணாபுரத்தில் இறந்தவர்கள் பலருக்கு இதே கோமுகி ஆற்றங்கரையில்தான் சிதை மூட்டினோம். அந்தக் கரைக்கு நோட்டும் ஸ்கேலுமாகப் போகிற வரிசையில், அப்பாவை அங்கே வழியனுப்பிய பிள்ளையும் இருக்கலாம். எல்லா இடமும் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றல்ல. ஆசிரியர் முதலில் வீட்டில் பேசி, சுடுகாட்டுப் பக்கத்தைத் தவிர்த்து, தள்ளி வேறொரு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் பிள்ளையாவது வர மனமில்லை என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும். மனம் கலங்கிய பிள்ளைக்குக் கல்லின் அளவு தலையில் ஏறாது, ஏற வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

இந்த ஆற்றுப் பாடம் முடிந்த வாரத்தில் திருவக்கரைக்குப் போகலாம். அன்றைக்கு வேறெந்த ஊரும் வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு பாடவேளை முழுக்க அந்த வாஷிங்டன் பிள்ளைகளுக்குச் சொன்னதையே சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு எங்கே நிறுத்துவோம், எங்கே சாப்பாடு, கழிப்பறை இருக்கிறதா, யாருக்காவது பஸ்ஸில் வாந்தி வருமா. பெண்பிள்ளைகளிடம் ஓர் ஆசிரியை தனியாகப் பேசி, அவர்களுக்கு வேண்டியது கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழாம், எட்டாம் வகுப்பில் இதற்காகவே உடம்பு சரியில்லை என்று வீட்டில் தங்கிவிடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பூங்காவில் இறங்கியதும் முதல் அரைமணி நேரம் அவர்களைச் சும்மா விட்டுவிடலாம். ஓடட்டும், தொடட்டும், கல்மரத்தின் பக்கத்தில் படுத்து நீளம் பார்க்கட்டும். இடம் பழக அந்த நேரம் வேண்டும். அதற்குப் பிறகு நாலு பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மரத்தைக் கொடுத்துவிட வேண்டும். கையில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. நீளம், சுற்றளவு, மரம் எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். முக்கியமாக ஒன்று: வேர் எங்கே, கிளை எங்கே?

வேரும் இருக்காது, கிளையும் இருக்காது. நிற்கிற மரமும் இருக்காது, எல்லாம் படுத்துக் கிடக்கும். பலகையில் இருப்பதை அப்போது வாசித்துக் காட்டிவிடக் கூடாது. ஆசிரியருக்கு அங்கே மிகவும் கடினமான வேலை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். கோமுகியில் கல் அளந்த பிள்ளைகளில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்: "சார், இதையும் ஆறுதான் தள்ளிட்டு வந்திருக்கும்." புவியியலாளர்கள் சொல்வதும் அதுவே. இவை இங்கே வளர்ந்த மரங்கள் அல்ல. எங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, வேரையும் கிளையையும் இழந்து, மணலுக்குள் காற்றுப் படாமல் புதைந்தவை. மணல் வழியே ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து அந்த வடிவத்தைக் கல்லாக்கிவிட்டது. பிள்ளை வேர் இல்லாததைப் பார்த்து வெள்ளத்தை ஊகித்துவிட்டால் அதுதான் அன்றைய பயணத்தின் பலன். பலகையைப் பார்த்து எழுதிக்கொண்ட வரியில் அந்த ஊகம் கிடைக்காது.

வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்று ஊரில் சொல்லும் கதையையும் ஏதாவது ஒரு பிள்ளை எடுக்கும். அடக்க வேண்டாம். எலும்பாக இருந்தால் உள்ளே எப்படி இருக்கும், மரமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டு, முறிந்த முகப்பில் வளையத்தைத் தேடச் சொன்னால் போதும். கதை கோயிலில் இருக்கட்டும், வளையம் கண்ணில் இருக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூட்டைத் துண்டு போட்டு எடை பார்க்க வேண்டும். வெந்நீரில் இதற்கு மேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் ஊறவைத்து எடுத்து, நிழலில் ஒரு வாரம் காய விட வேண்டும். பிறகு எடை பார்த்தால் கூடியிருக்கும். கூட்டின் பின்னல் அப்படியே இருக்கும், தொட்டால் விறைப்பாக இருக்கும். ஓட்டைகளுக்குள் புகுந்தது என்ன என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். அத்தோடு நிறுத்தாமல் மறுபடி தண்ணீரில் போட்டுக் காட்ட வேண்டும். உப்பு கரைந்துவிடும், கூடு பழையபடி ஆகிவிடும். சிலிக்கா அப்படிக் கரைந்து ஓடாது, அது மரத்தின் ஓட்டையை நிரப்பியதோடு மரப்பொருளின் இடத்தையே பிடித்துக்கொண்டது என்ற வித்தியாசம் அப்போது நிற்கும்.

"சரி சார், நாட்டம் வந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்றார் தம்பி. நல்ல கேள்வி. 'மகிழ்ச்சியாக இருந்தது' என்று கட்டுரை எழுத வைத்தால் நாற்பது பேரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். அது ஆர்வத்துக்கு அளவுகோல் ஆகாது. நான் பின்னாளில் செய்தது துண்டுச்சீட்டு. போவதற்கு ஒரு வாரம் முன்பு, பெயர் எழுதாமல், கல்மரத்தைப் பற்றி என்ன கேட்கத் தோன்றுகிறது என்று எழுதச் சொல்வேன். வந்து ஒரு மாதம் கழித்து மறுபடி. முதல் சீட்டில் 'எவ்வளவு பெருசு', 'போட்டோ எடுக்கலாமா' என்ற மாதிரி இருக்கும். பயணம் சரியாக நடந்திருந்தால் இரண்டாவதில் கேள்வியின் சாயல் மாறும். 'வேர் எங்கே போச்சு', 'பழம் கல்லாகுமா', 'நம்ம மலைக் கல்லும் ஒரு காலத்தில் மரமா?' கடைசிக் கேள்வி வந்த நாளில் எனக்கு இரவெல்லாம் சந்தோஷம். இல்லை, கல்வராயன் பாறை மரமாக இருந்ததில்லை. சார்னோகைட் போன்ற அந்தப் பாறைகள் பூமியின் ஆழத்து வெப்பத்தில் உருவானவை, 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. ஆனால் கேட்கத் தோன்றியதே, அதுதான் நாட்டம்.

ஹிடி, ரெனிங்கர் என்ற இரண்டு அறிஞர்கள் 2006-இல் ஆர்வம் நாலு படியில் வளர்கிறது என்று எழுதினார்கள். முதல் படி சூழ்நிலை மூட்டிவிடுகிற ஆர்வம். ஒரு காட்சியிலோ ஒரு நாளிலோ பற்றிக்கொள்வது. இரண்டாவது, அதை யாராவது ஊதிவிட்டுக் காப்பது. மூன்றாவதில்தான் பிள்ளை தானாகவே கேட்கத் தொடங்குகிறது. நாலாவது நிலைத்துவிட்ட ஆர்வம். களப்பயணம் முதல் படியைத் தரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம். இரண்டாவது படி வகுப்பறையிலும் வீட்டிலும்தான்.

அந்த முதல் படிக்கு அளவும் இருக்கிறது. பிரிட்டனில் ஜார்விஸ், பெல் என்ற இருவர் தேசிய விண்வெளி மையத்துக்குப் போன 10, 11 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2005-இல் எழுதினார்கள். விஞ்ஞானி ஆக வேண்டும் என்ற ஆசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் கூடியிருந்தது. இரண்டு மாதம் கழித்தும் அது தங்கியிருந்தது. ஐந்தில் ஒருவர் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல, ஆனால் ஐந்தில் நாலு பேருக்கு அப்படி நடக்கவில்லை என்பதும் உண்மை. பரீட்சை மதிப்பெண் ஒரே பயணத்தில் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தம்பி படிவத்தில் கையெழுத்துப் போட்டார். போகிற நாளுக்கு முன் பள்ளியில் ஆசிரியரைப் பார்த்து இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன்: அன்றைக்கு எத்தனை ஊர், போகும் முன் என்ன செய்யப் போகிறீர்கள். பள்ளியில் ஆற்றுப் பாடம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மகளைக் கோமுகிப் படுகைக்கு அவரே கூட்டிப்போகலாம், ஸ்கேல் ஒன்று போதும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படிவம் வந்திருந்தால், கிளம்பும் முன் பிள்ளையிடம் இதையும் சொல்லிவிடுங்கள். கோமுகியில் அளந்த கூழாங்கல்லை வீட்டுக்குக் கொண்டுவரலாம். திருவக்கரைக் கல்மரம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம், அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.